அம்மா பேசும்போது அவர் ஏன் தட்டையே பார்க்கிறார்?

நாக்பூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம். கல்யாணமாகி ஆறு வருஷம், ஒரு பெண் குழந்தை. கணவர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இவர் தனியார் பள்ளியில் ஆசிரியை. ஒன்றரை வருஷத்துக்கு முன் மாமனார் காலமானார். அதிலிருந்து மாமியார் இவர்களுடன்தான் இருக்கிறார். கடிதத்தில் மூன்று பக்கங்கள் மாமியாரைப் பற்றியவை. அவற்றை நான் விட்டுவிடுகிறேன். சமையலில் உப்பு, குழந்தையின் இளைப்பு, பள்ளிக்குக் கட்டிப் போகும் சேலை என்று அது நீங்கள் எல்லோரும் கேட்ட பாட்டுதான். நான்காவது பக்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"அத்தை பேசுவது எனக்குப் பழகிவிட்டது. அவர் பேசும்போது என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அதுதான் பழகவில்லை. ஒரு நாள் கூட 'அப்படி இல்லம்மா' என்று சொன்னதில்லை. இவருக்கு என் மேல் பிரியம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? நேரடியாகப் பதில் சொல்லுங்கள்."

நேரடியாகச் சொல்ல முடியாது என்றுதான் பதில் எழுதினேன். சாப்பாட்டு மேஜையில் ஐந்து நிமிஷம் வாய் மூடியிருந்த ஒரு மனிதனைப் பற்றி அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. அதற்கு முன்னால் அவர் யாரிடம் என்ன பேசினார், அடுத்த நாள் ராத்திரிக்குள் என்ன செய்தார் என்பதும் தெரிய வேண்டும். அதனால் அந்தப் பெண்ணிடம் ஒரு வேலை சொன்னேன். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். தேதியும் நேரமும், யார் என்ன சொன்னார், அவர் வாயில் வந்த வார்த்தையிலேயே, அப்போது கணவர் எங்கே இருந்தார், என்ன செய்தார், அடுத்த நாள் ராத்திரி படுக்கப் போவதற்குள் அதைப் பற்றி ஏதாவது சொன்னாரா, செய்தாரா. உங்கள் வருத்தத்தை அதில் எழுத வேண்டாம். மூன்று வாரம் எழுதி அனுப்புங்கள்.

அனுப்பினார். நோட்டில் உள்ளதை இங்கே எழுத அனுமதியும் தந்தார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஓரிரு விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மூன்று வாரத்தில் பதினான்கு பதிவுகள். அவற்றில் ஒன்பதில் கணவர் வீட்டிலேயே இல்லை. அவர் ஷிப்ட் முடிந்து வருவது மாலை ஆறரைக்கு. இந்தப் பெண் பள்ளியிலிருந்து திரும்புவது இரண்டரைக்கு. மாமியாருக்கு இந்தி தெரியாது, அக்கம்பக்கத்தில் பேச ஆளில்லை. காலை ஏழரையிலிருந்து தனியாக உட்கார்ந்திருக்கிறவருக்கு முதலில் அகப்படுகிற மனுஷி மருமகள்தான். மூன்றிலிருந்து ஆறு வரைதான் அந்த வீட்டில் குறைகளின் நேரம்.

இதை நான் மாமியாருக்குப் பரிந்து சொல்லவில்லை. "ஒரு நாள் கூட எனக்காகப் பேசவில்லை" என்ற கணக்கில் அவர் காதில் விழவே விழாத ஒன்பது பேச்சுகளும் சேர்ந்திருக்கின்றன என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. மத்தியானம் பட்டது, ராத்திரி அவர் முகத்தைப் பார்க்கும்போது அவர் செய்த குற்றமாக ஆகிவிடுகிறது. "இன்னிக்கு அத்தை இப்படிச் சொன்னாங்க" என்று அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். ஒன்பதில் இரண்டைத்தான் சொல்லியிருக்கிறார். "அவருக்கே தெரியணும்" என்பது அந்தப் பெண்ணின் வாதம். தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

மீதி ஐந்து பதிவுகளில் கணவர் எதிரிலேயே இருந்தார். இரண்டு தடவை தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ஒரு தடவை டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். ஒரு தடவை "விடும்மா" என்றார். இன்னொரு தடவை அக்காவுடன் வீடியோவில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, அக்கா ஏதோ சொல்ல, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அடுத்த நாள் ராத்திரிக்குள் என்ன நடந்தது என்ற கட்டத்தில், ஒன்றுக்கு நேராக "ஆரஞ்சு பர்பி வாங்கி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை" என்று இருக்கிறது. இன்னொன்றுக்கு நேராக "'அம்மா அப்படித்தான், நீ காதுல வாங்காதே' என்றார்." மற்ற மூன்றுக்கும் கோடு.

பர்பியை நான் இகழ மாட்டேன். நாக்பூரில் ஆரஞ்சு பர்பி வாங்கி வருகிற ஆண், ஏதோ நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டுதான் வாங்கி வருகிறார். அவர் பார்த்திருக்கிறார்; பார்த்ததைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் "அம்மா அப்படித்தான், நீ காதுல வாங்காதே" என்ற வாக்கியம் இருக்கிறதே, அதைவிட பர்பி எவ்வளவோ மேல். பார்வைக்கு ஆறுதல் மாதிரி இருக்கும் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். அம்மா மாறப் போவதில்லை, நானும் எதுவும் செய்யப் போவதில்லை, ஆகவே மாற வேண்டியது உன் காது என்பதுதான் அதன் பொருள். மூன்று பேர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் முழு வேலையும் ஒருத்தியின் தலையில் வந்து விழுகிறது. இருபது வருஷமாகத் தில்லியில் இந்த வேலையைச் செய்கிறேன். நான் பார்த்த கணவர்களில் பாதிப் பேராவது இதை மனைவிக்குச் சொல்லும் மிக அன்பான வார்த்தை என்று உண்மையிலேயே நம்புகிறார்கள்.

அந்த நேரத்தில் பேச்சு வராமல் போவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், தம்பதிகளைச் சச்சரவு செய்யவிட்டு, அவர்களுடைய நாடித்துடிப்பையும் வியர்வையையும் கருவிகளால் அளந்து பல வருஷம் ஆராய்ந்தவர். நாடி நிமிஷத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் காதில் விழுவது மனதில் பதியாது, நிதானமாக ஒரு வாக்கியம் சொல்ல வராது என்கிறார். சிலர் கத்துவார்கள், சிலர் சுவராகிவிடுவார்கள். சுவராகிறவர்களில் ஆண்களே அதிகம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வெளியே கல் மாதிரி உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். காது சிவப்பது, கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில், காரணமில்லாமல் எழுந்து மின்விசிறியைக் கூட்டுவது, டி.வி. பொத்தானை அமுக்குவது எல்லாம் அதற்கு அடையாளம்.

ஆனால் உடம்பு அடங்க நேரம் வேண்டும் என்று சொல்லும் அதே காட்மன், அதற்கு இருபது நிமிஷமாவது ஆகும் என்கிறார். இரண்டு நாள் என்று சொல்லவில்லை. இங்கேதான் எடை பார்க்க வேண்டும். எட்டரை மணிக்குத் தட்டைப் பார்த்தவர் பத்து மணிக்குக் கிரிக்கெட்டைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறார், குழந்தைக்குக் கதை சொல்கிறார் என்றால் அவர் நாடி அடங்கிவிட்டது. அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லையென்றால் அது வராத பேச்சு அல்ல. பேச வேண்டாம் என்று எடுத்த முடிவு. முன்னதை நீங்கள் மன்னிக்கலாம். பின்னதற்கு விளக்கம் கேட்கலாம்.

நோட்டின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, சிவப்புப் பேனாவில் ஒரு வரி இருந்தது. மாமியார் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளைப் பற்றி, "வெங்காயத்தை எடுத்துட்டுப் போறா" என்று சொல்லியிருக்கிறார். மகன் சட்டென்று, "அப்படிச் சொல்லாதம்மா, அந்தம்மா நாலு வருஷமா வர்றாங்க" என்றிருக்கிறார். அதன் கீழே இந்தப் பெண் எழுதியிருந்தது: "வேலைக்கார அம்மாவுக்காகப் பேச வாய் இருக்கிறது."

நியாயமான கோபம். எல்லோரிடமும் வாய் மூடியே இருக்கிற சுபாவமா, உங்களுக்காக மட்டும் மூடுகிறதா என்று பார்ப்பது சரியான சோதனைதான். தன்னைத் திட்டினாலே பதில் சொல்லத் தெரியாதவர் உங்களுக்காகவும் சொல்ல மாட்டார். அதில் அவமானம் இல்லை, இயலாமைதான். மற்றவர்களுக்காகப் பேசுகிறவர் உங்களிடம் வரும்போது மட்டும் நிறுத்துகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் எப்போதுமே பிரியமின்மைதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேலைக்கு வரும் அம்மாளுக்காகப் பேசினால் அவருக்குச் செலவு எதுவும் இல்லை. மனைவிக்காகப் பேசினால் உண்டு. உளவியலாளர் சுதீர் கக்கர் 1978ல் வெளிவந்த நூலில் இந்தியக் கூட்டுக் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது, கணவன் மனைவிக்கிடையே நெருக்கம் கூடுவதையே அந்தக் குடும்பம் தனக்கு ஆபத்தாகப் பார்க்கிறது என்று விளக்கினார். மருமகள் பக்கம் மகன் ஒரு வார்த்தை பேசினால், விஷயம் உப்பிலிருந்து உடனே வேறு இடத்துக்குப் போய்விடும். 'என் பையனை மாத்திட்டா' என்று ஆகிவிடும். இது சின்ன வயதிலிருந்து அவருக்குத் தெரியும். அவருடைய அப்பா பாட்டிக்கு எதிரில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதையும் அவர் பார்த்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ராத்திரி மேஜையில் மகன் எதிர்த்துப் பேசினால், அதற்கான தண்டனை மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, அவர் இல்லாதபோது, மனைவிக்குத்தான் கிடைக்கும். இதைக் கணக்குப் போட்டே சிலர் எதிரில் பேசாமல் தனியாக அம்மாவிடம் பேசுகிறார்கள். தவறில்லை; பல வீடுகளில் அதுதான் சரியான வழியும். ஆனால் அப்படிச் செய்கிறவர் அதை மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவருடைய தந்திரத்துக்கும் கோழைத்தனத்துக்கும் வெளியிலிருந்து பார்ப்பவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

நாக்பூரில் இதுதான் நடந்திருந்தது. பால்கனிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். நாத்தனார் சிவகாசியில் இருக்கிறார், தினம் ராத்திரி வீடியோவில் பேசுவார். பதினோராம் நாள், "மதினி கூப்பிட்டாங்க. பிள்ளை ஏன் இப்படி இருக்கா, சாப்பாடே குடுக்கறது இல்லையா என்று கேட்டாங்க. இவர் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்" என்று எழுதியிருந்தார். விட்டுவிட்டுப் போனார் என்ற அர்த்தத்தில். ஆனால் நோட்டை மேலே புரட்டினால், அதற்குப் பிறகு மீதி பத்து நாளிலும் நாத்தனார் பெயரே வரவில்லை. முன்பு நான்கு தடவை வந்திருந்தது. எனக்கு அது உறுத்தியது. கணவரிடம் பேச அனுமதி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன்.

நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் பேசினார். "பால்கனியில அக்காகிட்ட என்ன பேசினீங்க?" என்று கேட்டேன்.

"பிள்ளை சாப்பாட்டைப் பத்தி இனிமே என் வீட்டுல பேசாதக்கா, டாக்டர்கிட்ட காட்டி எடை சரியா இருக்குன்னு சொல்லிட்டாருன்னேன். அக்காவுக்குக் கோவம். பத்து நிமிஷம் ஆச்சு."

"அதை உங்க மனைவிகிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சொன்னா, இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னு கேப்பா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. மனைவிக்காகச் செய்த ஒரே காரியத்தை மனைவியிடமிருந்தே மறைத்து வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணும், கேட்டிருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பேன் என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். கணவர் நல்லவர், மனைவிக்குத் தெரியவில்லை என்ற கதை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதே நோட்டில் ஆறாம் நாள் பதிவு ஒன்று இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு. மாமியார் சொன்ன வார்த்தை: "மாசாமாசம் மூவாயிரம் போகுதுல்ல, பெறகு கையில எப்படிச் சேரும்?" கணவர் தட்டைப் பார்த்தார். அடுத்த கட்டத்தில் கோடு.

மூவாயிரம் என்பது இந்தப் பெண் தன் சம்பளத்திலிருந்து தன் அப்பாவின் மருந்துக்காக அனுப்புகிற பணம். கணவருடன் பேசி எடுத்த முடிவு. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அப்படியானால் மாமியாருக்குத் தொகை எப்படித் தெரிந்தது?

உறவினர் உங்களைக் குறை சொல்லும்போது அதில் உள்ள விவரத்தைக் கவனியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். உப்பு குறைவு என்பது நாக்குக்குத் தெரிந்த விஷயம். சேலையின் நிறம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு தொகை, ஒரு டாக்டர் சொன்னது, அம்மா வீட்டில் நடந்த ஒரு சண்டை, ராத்திரி அழுதது ஆகியவை மூன்றாவது மனிதரின் வாயிலிருந்து வந்தால், உங்கள் துணைவர் அங்கே மௌனமாக இருக்கவில்லை. அவர் ஏற்கெனவே பேசிவிட்டார். மேஜையில் அவர் தட்டைப் பார்ப்பது கூச்சத்தினால் அல்ல, மாட்டிக்கொண்டதனால். பல மனைவிகள் வருஷக்கணக்கில் 'எனக்காகப் பேசவில்லை' என்று புழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தங்களைப் பற்றி எங்கே பேசப்பட்டது என்று ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை.

அவரிடமே கேட்டேன். மறுக்கவில்லை. அப்பா இறந்ததிலிருந்து, அம்மாவுக்குத் தனியாக ஆர்.டி. போடுவதாகச் சொல்லியிருந்தாராம். போட முடியவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், "அவ வீட்டுக்கு மூவாயிரம் போகுதும்மா" என்று சொல்லித் தப்பித்துவிட்டார். உண்மையில் ஆர்.டி. போட முடியாததற்கு அவர் வாங்கிய மோட்டார் சைக்கிளின் தவணையும் ஒரு காரணம். அதைச் சொல்லவில்லை.

ஆக, ஒரே மனிதர் ஐந்து நாள் இடைவெளியில் செய்த காரியங்கள் இரண்டும் இவை. மனைவிக்குத் தெரியாமல் மனைவிக்காகப் பேசினார். மனைவிக்குத் தெரியாமல் மனைவியைக் காட்டித் தப்பித்தார். எதற்கு எவ்வளவு எடை?

என் தராசைச் சொல்கிறேன். பால்கனி நல்ல கணக்குதான், ஆனால் மனைவிக்கு வந்து சேராத வரவு. ஆறாம் நாள் மோசமான கணக்கு. மேஜையில் அவர் பேசாததைவிட அது பெரிய குறை, ஏனென்றால் குறைக்கு ஆயுதம் கொடுத்தவர் அவரே. மேஜை மௌனத்துக்கு மட்டும் என் கணக்கில் எடை குறைவு. இதை எழுதியபோது நாக்பூர்ப் பெண்ணுக்கு என் மேல் கோபம். "எனக்கு வலிக்கிறது அங்கேதான்" என்று பதில் போட்டார். வலிக்கிற இடமும் அடிபட்ட இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன், எழுதவில்லை. அவர் சொல்வதும் சரிதான். நான்கு பேர் எதிரில் தனியாக விடப்படுவது வலிக்கும், காரணம் எதுவாக இருந்தாலும்.

என்ன கேட்பது என்பதற்கு வருகிறேன். "எனக்கு சப்போர்ட் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். அதைக் கேட்டதும் அவர் மனதில் வருவது அம்மாவோடு ஒரு சண்டை. அந்தச் சண்டைக்கு அவர் தயாராகப் போவதே இல்லை. ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வாக்கியத்தைக் கேளுங்கள். நாக்பூரில் பண விஷயத்தை எடுத்தோம். வாக்கியம்: "அம்மா, அது நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு." அதில் அம்மா தப்பு என்று இல்லை, மனைவி நல்லவள் என்றும் இல்லை. 'அவள்' என்று இருந்த இடத்தில் 'நாங்கள்' வருகிறது. தற்காப்பு என்பது பெரும்பாலான வீடுகளில் இவ்வளவுதான். நாத்தனாரை வாயடைக்க வேண்டியதில்லை. குற்றவாளிக் கூண்டில் பக்கத்தில் வந்து நின்றால் போதும்.

இதை அவர் முன்கூட்டியே சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாடி நூறைத் தாண்டிய பிறகு புதிய வாக்கியம் வராது. பழகிய வாக்கியம் வரும். அம்மா என்ன பதில் சொல்வார் என்பதையும் பேசி வைத்தோம். "அவ சொல்லிக்குடுத்தாளா?" என்பார். அதற்குப் பதில் விளக்கம் அல்ல. அதே வாக்கியம், அதே குரலில், இன்னொரு தடவை.

ஒரு வாரம் கழித்து, மாமியார் மூவாயிரத்தை மறுபடி எடுத்தார். இவர் சொன்னார். எதிர்பார்த்த கேள்வி எதிர்பார்த்த வார்த்தைகளிலேயே வந்தது. மறுபடி சொன்னார். இந்த முறை அதனோடு, "ஆர்.டி. போடாதது என் தப்பும்மா, வண்டித் தவணை போகுது" என்பதையும் சேர்த்துக்கொண்டார். அதை நாங்கள் சொல்லித் தரவில்லை.

இரண்டு நாள் மாமியார் மருமகளுடன் பேசவில்லை, சேர்ந்து சாப்பிடவில்லை. இதையும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் மத்தியானம் மூன்றரைக்கு மகன் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. செய்தார். ஒரு வார்த்தை பேசிவிட்டு அதன் விளைவை மனைவியிடம் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகிற கணவர் பேசாமலிருப்பதே நல்லது.

எல்லா மௌனத்துக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. ஐதராபாத்திலிருந்து ஓர் ஆண் எழுதியிருந்தார். மைத்துனர்கள் கூடும்போதெல்லாம் இவருடைய சம்பளத்தைக் கேலி செய்கிறார்கள். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, கூடச் சிரிக்கிறார் என்று. கூடச் சிரிப்பது மௌனம் அல்ல, ஐயா. அதைத் தனியாகக் கேட்டுத் தீர்க்க வேண்டும். "நீ சிரிச்சது எனக்கு அவங்க சொன்னதைவிட வலிச்சது" என்று அன்று ராத்திரியே, அந்த ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லிக் கேளுங்கள். பழையதையெல்லாம் கொட்டினால் அந்தம்மா தன் அண்ணன்மார் பக்கம்தான் போவார்.

இன்னும் சில வீடுகளில் தராசே எடுக்கக் கூடாது. அடி விழுகிறது, நகையும் சம்பளமும் பிடுங்கப்படுகின்றன, குழந்தை இல்லை அல்லது ஆண் குழந்தை இல்லை என்று தினமும் இழித்துப் பேசுகிறார்கள், கணவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவர் ஏன் பேசவில்லை என்ற ஆராய்ச்சி பிறகு இருக்கட்டும். 2005ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இப்படிப்பட்ட இழிபேச்சையும் வன்முறையில் சேர்த்திருக்கிறது. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக் காட்டுவதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அங்கே நோட்டு வேறு உபயோகத்துக்கு வரும்: தேதியும் வார்த்தையும் சாட்சியம்.

நாக்பூரிலிருந்து போன வாரம் மறுபடி கடிதம் வந்தது. பணப் பேச்சு நின்றுவிட்டது. உப்பு நிற்கவில்லை, உப்பைத் தாங்கிக்கொள்ள முடிகிறது என்று எழுதியிருக்கிறார். மத்தியானம் அத்தையை அருகிலுள்ள கோயிலுக்கு அழைத்துப் போகிறாராம். அங்கே தமிழ் பேசும் ஓர் அம்மாள் அகப்பட்டிருக்கிறார். மூன்று மணிக் குறைகள் அவரிடம் போகின்றன போலும்.

ஆனால் ஒன்று. வீட்டுப் பண விஷயத்தை மனைவி இல்லாமல் அம்மாவிடம் பேசுவதில்லை என்று கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு மாதத்துக்குள் ஒரு தடவை மீறிவிட்டார். மாமனாரின் மருந்துச் செலவு இந்த மாதம் கூடிவிட்டதை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி மனைவி எதையும் கேட்பதற்கு முன் தானே வந்து, "நான் சொல்லிட்டேன். தப்புதான்" என்றிருக்கிறார்.

"இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?" என்று கேட்டிருக்கிறார். நானாக இருந்தால் வரவில் எழுதுவேன், மேஜையில் சொன்ன வாக்கியத்துக்கும் மேலே. அவர் இன்னும் எழுதவில்லையாம். நோட்டை மட்டும் மூடவில்லை என்கிறார்.